தொகுப்பு வீடியோவுக்கு டைட்டில், டிஸ்கிரிப்ஷன் எழுதுறது எப்படி? யாரோட கிளிப்னு சொல்லணும், பழைய டைட்டிலையே திரும்பப் போடக்கூடாது

பலரோட வீடியோல இருந்து நல்ல நல்ல துண்டா எடுத்து ஒண்ணா சேர்த்து 'பெஸ்ட் ஆஃப்'னு போடுற வீடியோ எல்லாருக்கும் தெரியும். எடிட்டிங் பத்தி சொல்லிக்கொடுக்க நிறைய பேர் இருக்காங்க, ஆனா எடிட் முடிஞ்ச பிறகு அந்த டைட்டில் பாக்ஸ் முன்னாடியும் டிஸ்கிரிப்ஷன் பாக்ஸ் முன்னாடியும் உக்காந்து என்ன எழுதுறதுன்னு தெரியாம முழிக்கிறவங்கதான் அதிகம். முதல் நாலு வீடியோவுக்கு எப்படியோ ஓடிடும், பத்து தாண்டினதும் எல்லா டைட்டிலும் ஒரே மாதிரி ஆகிடும், கிளிப் எங்கிருந்து எடுத்தோம்ங்கிறதும் மறந்திருக்கும். இந்த ரெண்டுக்கும் மருந்து ஒண்ணேதான், கிளிப்பை எடுக்கும்போதே அதைப் பத்தி எழுதி வைக்கிறது. அதை ஒரு உதாரணத்தோட முழுசா சொல்றேன். பேசுற கிளிகளோட தொகுப்பு போடுற ஒரு சேனல்னு வச்சுக்குவோம், இப்ப 15வது வீடியோ ரெடியாகுது.

முதல்லயே ஒரு விஷயம், கிரெடிட் வேற, அனுமதி வேற. "கிளிப் உரிமை அவங்களோடது, எனக்கு இல்ல"ன்னு டிஸ்கிரிப்ஷன்ல எழுதிட்டா பிரச்சனை வராதுன்னு நிறைய பேர் நம்புறாங்க, அது தப்பு. பேர் போடுறது நம்ம பக்கத்து மரியாதை, ஆனா எடுத்துப் போட உரிமை கொடுக்கிறது கிளிப்போட சொந்தக்காரர்தான், யூடியூப்பும் பேர் போட்டா மட்டும் உரிமை வந்துடாதுன்னு தெளிவாவே சொல்லுது. சொந்தக்காரர் புகார் கொடுத்தா வீடியோ எடுக்கப்படும், காப்பிரைட் ஸ்ட்ரைக் விழும், 90 நாளுக்குள்ள அப்படி மூணு விழுந்தா சேனலே போயிடலாம். அதனால மெசேஜ் அனுப்பி கேட்டு வாங்கின கிளிப், இல்லேன்னா கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல சொந்தக்காரரே விட்டிருக்கிற கிளிப், இந்த ரெண்டையும் வச்சு ஆரம்பிக்கிறது நல்லது. கிரியேட்டிவ் காமன்ஸ் கிளிப்னா பேர் போடுறது அந்த லைசென்ஸோட நிபந்தனையே, அதாவது அங்க கிரெடிட் விட்டுப்போச்சுன்னா அனுமதியும் இல்லாமப் போயிடும்.

சரி, எழுதி வைக்கிறதுன்னா என்ன எழுதணும்? ஒரு ஷீட் திறந்துக்கோங்க, கிளிப்புக்கு ஒரு வரி. கிளிப்ல என்ன நடக்குதுன்னு நாலஞ்சு வார்த்தை, யாரோட கிளிப், ஒரிஜினல் வீடியோவோட லிங்க், அதுல எந்த நிமிஷத்துல இருந்து எடுத்தோம், அனுமதி எப்படி கிடைச்சது, எத்தனை செகண்ட் போட்டிருக்கோம். அவ்வளவுதான். இதை கிளிப் டவுன்லோட் ஆகுற அந்த நேரத்துலயே நிரப்பணும், அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா, டவுன்லோட் ஃபோல்டர்ல வெறும் நம்பரும் எழுத்துமா பேர் இருக்கிற முப்பது ஃபைல்தான் மிஞ்சும், எது யாரோடதுன்னு கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போயிடும். சேனல் பேரோட நிறுத்தாம சேனல் ஐடியையும் எழுதி வைங்க. யூடியூப்ல @ போட்டு வர்ற ஹேண்டிலை சொந்தக்காரர் எப்ப வேணா மாத்திக்கலாம், சேனல் பேரையும் மாத்திக்கலாம், ஆனா `UC`ன்னு ஆரம்பிக்கிற அந்த சேனல் ஐடி மாறாது. ரெண்டு வருஷம் கழிச்சு லிங்க் எதுவும் வேலை செய்யலேன்னாலும் அதை வச்சு ஆளைப் பிடிச்சிடலாம்.

இதுல கஷ்டமான இடம் 'யாரோட கிளிப்'ங்கிற அந்த ஒரு கட்டம்தான். நாம முதல்ல பாக்குற இடம் பெரும்பாலும் ஒரிஜினல் இல்ல, யாரோ எடுத்து ரீபோஸ்ட் பண்ணினது. நானே ஒரு தடவை மைக்ரோவேவ் அவன் மாதிரி பீப் போடுற கிளியோட வீடியோவை ஒரு பக்கத்துல பாத்துட்டு, அந்த பக்கம் நடத்துறவங்ககிட்டயே அனுமதி கேட்டு, அவங்களும் தாராளமா எடுத்துக்கோங்கன்னு சொல்லி, அவங்க பேரையே கிரெடிட்ல போட்டுட்டேன். நாலு நாள் கழிச்சு அந்த கிளியை வளர்க்கிறவங்க வந்து "இது என் சமையலறை, என் கிளி"ன்னு கமெண்ட் போட்டாங்க. அனுமதி கொடுத்தவங்களுக்கு கொடுக்கிற உரிமையே இல்ல, நான் அதை விசாரிக்கவும் இல்ல. அன்னைக்கு அவங்க கோபப்பட்டதுல நியாயம் இருந்துச்சு, அது இன்னும் எனக்கு மனசுல இருக்கு.

அதுக்கப்புறம் ஒரு கிளிப்பை ஷீட்ல ஏத்துறதுக்கு முன்னாடி நாலு விஷயம் பாக்குறேன். ஒண்ணு, ஃப்ரேமோட ஓரம். ரீபோஸ்ட் பண்றவங்க ஒரிஜினல்ல இருக்கிற வாட்டர்மார்க்கை மறைக்க ஓரத்தை வெட்டுவாங்க, இல்லேன்னா மங்கலாக்கிடுவாங்க, கிளியோட வால் பாதில வெட்டுப்பட்டிருந்தா அங்கயே சந்தேகம் வரணும். இன்னொண்ணு, படம் இடவலமா திருப்பி இருக்கா. பின்னாடி இருக்கிற காலண்டர், டப்பா மேல ஒட்டின லேபிள், கடிகாரத்து நம்பர் இதெல்லாம் கண்ணாடில பாக்குற மாதிரி இடவலம் மாறித் தெரிஞ்சா யாரோ திருப்பிப் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். அப்புறம் நீளம், ஒரிஜினல்ல கிளிப்புக்கு முன்னயும் பின்னயும் கொஞ்சம் நேரம் ஓடும், கிளி பீப் போட்ட பிறகு வளர்க்கிறவங்க சிரிக்கிற சத்தம் கேக்கும், ரீபோஸ்ட்ல அது வெட்டப்பட்டு மேல ஒரு பாட்டு ஓடும். கடைசியா தேதி. தெளிவான ரெண்டு மூணு ஃப்ரேமை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இமேஜ் சர்ச்ல போட்டு, வர்ற முடிவுகள்ல எது பழசுன்னு பாருங்க. ஆனா பழசா இருக்கிறதாலயே அது ஒரிஜினல்னு முடிவு பண்ணிடாதீங்க, அதே சேனல்ல அதே கிளி, அதே கூண்டு, அதே சுவர் வேற வேற வீடியோல வருதான்னு பாருங்க. ஒரே கிளியோட அம்பது வீடியோ இருந்தா அது வளர்க்கிறவங்களோட சேனல், ஒவ்வொரு வீடியோலயும் வேற வேற கிளி, வேற வேற வீடுன்னா அதுவும் நம்ம மாதிரி தொகுக்கிற சேனல்தான். இத்தனை பாத்தும் தெரியலேன்னா அந்த கிளிப்பை விட்டுடுங்க. "சொந்தக்காரர் தெரியல, தெரிஞ்சா சொல்லுங்க"ன்னு எழுதுறது கிரெடிட் ஆகாது.

இப்ப டிஸ்கிரிப்ஷனுக்கு வருவோம். ஷீட் சரியா இருந்தா இது எழுதுற வேலையே இல்ல, எடுத்து அடுக்குற வேலை. நல்ல கிரெடிட்டுக்கு என் அளவுகோல் ஒண்ணுதான், பாக்குறவங்க 'இந்த கிளி யாரோடது'ன்னு நினைச்ச அந்த செகண்ட்ல இருந்து ஒரே தட்டுல ஒரிஜினல் வீடியோவோட அதே இடத்துக்குப் போயிடணும். கீழ மொத்தமா "நன்றி" போட்டு பன்னெண்டு சேனல் பேரை கமா வச்சு எழுதினா எந்தப் பேர் எந்தக் கிளிக்குன்னு யாருக்கும் தெரியாது. அதனால நம்ம வீடியோல கிளிப் ஆரம்பிக்கிற நேரம், அதுல என்ன நடக்குது, கீழ யாரோடது, லிங்க். யூடியூப் லிங்க்ல கடைசில `?t=134`னு சேர்த்தா ஒரிஜினல் வீடியோ 134வது செகண்ட்ல, அதாவது 2:14ல இருந்து ஓடும்.

நம்ம 15வது வீடியோல முதல்ல 12 செகண்ட் தொடக்கம், அப்புறம் மைக்ரோவேவ் கிளி 14 செகண்ட், அடுத்து நாய்க்கு ஆர்டர் போடுற கிளி 9 செகண்ட், அதுக்கப்புறம் போன் ரிங்டோன் பாடுற கிளி 21 செகண்ட்னு வச்சுக்கோங்க. டைம்ஸ்டாம்ப்பை வீடியோவை ஓட்டி ஓட்டி நிறுத்தி எழுத வேண்டாம், ஷீட்ல B காலம்ல ஆரம்பிக்கிற நேரமும் C காலம்ல நீளமும் இருந்தா, தொடக்கத்தையே 2வது வரியா வச்சு B3ல இதைப் போட்டு கீழ வரைக்கும் இழுத்துவிட்டா போதும்.

```
=B2+C2
```

இதுல ஒரு இடத்துல எல்லாரும் வழுக்குவாங்க, 14 செகண்டை `0:14`னு அடிச்சா ஷீட் அதை 14 நிமிஷம்னு எடுத்துக்கும், `0:00:14`னு முழுசா அடிக்கணும். அந்த நேரங்களை வச்சு எழுதின டிஸ்கிரிப்ஷன் இப்படி இருக்கும்:

```
0:00 தொடக்கம்
0:12 மைக்ரோவேவ் மாதிரி பீப் போடும் கிளி
கிளிப்: @handle1 https://youtu.be/VIDEOID1?t=134 (அனுமதியோடு)
0:26 நாய்க்கு ஆர்டர் போடும் கிளி
கிளிப்: @handle2 https://youtu.be/VIDEOID2?t=8 (கிரியேட்டிவ் காமன்ஸ், வெட்டி எடுத்தது)
0:35 போன் ரிங்டோன் பாடும் கிளி
கிளிப்: @handle3 https://youtu.be/VIDEOID3 (அனுமதியோடு)
0:56 ...
```

கிரெடிட்டை ஏன் தனி வரில போட்டிருக்கேன்னா, டைம்ஸ்டாம்ப் இருக்கிற வரில மிச்சம் என்ன எழுதியிருக்கோ அதையே யூடியூப் அந்த சாப்டரோட பேரா எடுத்துக்கும், லிங்க்கும் அதே வரில இருந்தா சாப்டர் பேர் பாதி லிங்க்கா தெரியும், பாக்கவே நல்லா இருக்காது. @ போட்டு ஹேண்டிலை எழுதும்போது வர்ற லிஸ்ட்ல இருந்து சரியான சேனலைப் பாத்து தேர்ந்தெடுங்க, ஒரே ஒரு எழுத்து வித்தியாசத்துல போலி சேனல்கள் இருக்கும்.

தொகுப்பு வீடியோ போடுறவங்களை மட்டும் ஸ்பெஷலா பிடிக்கிற ஒரு பிரச்சனை இருக்கு. சாப்டர் வரணும்னா முதல் டைம்ஸ்டாம்ப் `0:00`ல ஆரம்பிக்கணும், குறைஞ்சது மூணு இருக்கணும், வரிசையா ஏறணும், ஒவ்வொரு சாப்டரும் குறைஞ்சது 10 செகண்ட் இருக்கணும். மேல பாருங்க, நாய்க்கு ஆர்டர் போடுற கிளி 9 செகண்ட்தான். அந்த ஒண்ணால சாப்டர் பட்டையே வராமப் போயிடும், எல்லாம் சரியாத்தானே எழுதினோம்னு நாம தேடிக்கிட்டு இருப்போம். டைம்ஸ்டாம்ப் தட்டினா போறது அப்பவும் வேலை செய்யும், அதனால கிரெடிட்டுக்கு குறை ஒண்ணும் இல்ல. சாப்டரும் வேணும்னா அந்த கிளிப்பை ஒரு செகண்ட் நீட்டலாம், முடியலேன்னா ரெண்டு சின்ன கிளிப்பை ஒரே டைம்ஸ்டாம்ப்புக்கு கீழ போட்டு ரெண்டு கிரெடிட் வரி எழுதலாம். சாப்டருக்காக ஒருத்தரோட கிரெடிட் வரியை மட்டும் எடுத்துடாதீங்க.

டிஸ்கிரிப்ஷன்ல மொத்தம் 5000 எழுத்துக்கு இடம் இருக்கு, பன்னெண்டு பதினஞ்சு கிளிப்புக்கு தாராளமா போதும். ஆனா திறக்காம பாத்தா மேல இருக்கிற ஒண்ணு ரெண்டு வரிதான் தெரியும், அதனால அந்த இடத்துல இந்த வீடியோல என்ன இருக்குன்னு ஒரு வாக்கியம் எழுதிட்டு, "ஒவ்வொரு கிளிப்போட சொந்தக்காரர் லிங்க் கீழ இருக்கு"ன்னு அடுத்த வரில சொல்லிடுங்க. சம்பந்தமே இல்லாத பிரபல சேனல் பேரையெல்லாம் கீழ கொட்டுறதை யூடியூப் விதிமீறலா பாக்குது, அது பக்கம் போகாதீங்க. ஷார்ட்ஸா போடுறதுன்னா இன்னொரு கவனம் வேணும், 2023 ஆகஸ்ட்ல இருந்து ஷார்ட்ஸ் டிஸ்கிரிப்ஷன்ல போடுற லிங்க் தட்டினா திறக்காது, அதனால அங்க @ ஹேண்டிலைத்தான் நம்பணும்.

இனி டைட்டில். இதைக் கடைசில எழுதச் சொல்றதுக்கு காரணம் இருக்கு, ஷீட்ல 'என்ன நடக்குது'ங்கிற காலம் நிரம்பினப்புறம்தான் இந்த வீடியோல மத்ததுல இல்லாதது எதுன்னு தெரியும். அந்த சேனலோட பழைய டைட்டில் இப்படி இருக்குன்னு வச்சுக்கோங்க: "பேசும் கிளிகள் செம காமெடி", "பேசும் கிளிகள் வேற லெவல் காமெடி", "சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும் பேசும் கிளிகள்", "பேசும் கிளிகள் பெஸ்ட் கலெக்‌ஷன் 14". எழுத்துக்கு எழுத்து பாத்தா எதுவுமே ரிப்பீட் இல்ல. ஆனா பாக்குறவருக்கு நாலும் ஒண்ணுதான், ரெகுலரா வர்றவர்கூட இதை ஏற்கனவே பாத்துட்டோமேன்னு தள்ளிட்டுப் போயிடுவார், போன்ல லிஸ்டா பாக்கும்போது நீளமான டைட்டிலோட வால் வெட்டுப்படும், அதனால கடைசில இருக்கிற 14ங்கிற நம்பர் மட்டும் காப்பாத்தாது. ரிப்பீட்னு நான் சொல்றது இதைத்தான். 'செம', 'வேற லெவல்', 'பெஸ்ட்' இந்த வார்த்தையையெல்லாம் எடுத்துட்டுப் பாருங்க, மிச்சம் இருக்கிறது பழைய டைட்டிலோட மிச்சம் மாதிரியே இருந்தா அது ரிப்பீட்.

அதனால ஷீட்ல இன்னொரு பக்கத்துல பழைய டைட்டில் எல்லாத்தையும் A காலம்ல ஒட்டி வைங்க, புதுசா யோசிச்ச டைட்டில்ல முக்கியமான வார்த்தை எதுவோ அதை முன்னாடி எத்தனை தடவை போட்டிருக்கோம்னு இப்படிப் பாருங்க:

```
=COUNTIF(A:A,"*மைக்ரோவேவ்*")
```

0 வந்தா புதுசு. ரெண்டு பக்கமும் இருக்கிற அந்த நட்சத்திரக் குறி, டைட்டில்ல எந்த இடத்துல அந்த வார்த்தை இருந்தாலும் எண்ணுறதுக்கு. ஒரு சின்ன கவனம், 'கிளி'ன்னு தேடினா 'கிளிகள்' இருக்கிறதும் சேர்ந்து வரும், அதே நேரம் 'மைக்ரோவேவ்'னு தேடினா 'மைக்ரோ ஓவன்'னு எழுதினது வராது. அதனால கண்ணாலயும் ஒரு தடவை மேலிருந்து கீழ ஓட்டிடுங்க, பதினாலு டைட்டில் படிக்க ஒரு நிமிஷம் ஆகாது.

15வது வீடியோவுக்கு முதல்ல வந்த யோசனை "பேசும் கிளிகள் சூப்பர் காமெடி 15", அது பழசோட தம்பி, வேண்டாம். அடுத்தது "இந்த கிளி பேசினதைக் கேட்டு நாயே ஓடிடுச்சு", கேக்க நல்லா இருக்கு, ஆனா கிளிப்ல நாய் ஓடவே இல்ல, கிளி 'உக்காரு'ங்குது, நாய் உக்காருது, அவ்வளவுதான். நடக்காததை டைட்டில்ல போடுறது பாக்குறவரை மட்டும் ஏமாத்துறதில்ல, கிளிப் கொடுத்தவரோட வீடியோவைப் பத்தியும் பொய் சொல்ற மாதிரி ஆகிடும். கடைசியா நின்னது இது:

```
மைக்ரோவேவ் மாதிரி பீப் போடும் கிளி, நாய்க்கு ஆர்டர் போடும் கிளி | பேசும் கிளிகள் 15
```

புதுசா இருக்கிறது முன்னாடி வந்திடுச்சு, சீரீஸ் பேரும் நம்பரும் பின்னாடி போயிடுச்சு, வால் வெட்டுப்பட்டாலும் சேதம் இல்ல. டைட்டில்ல சொன்ன ரெண்டு கிளிப்பும் வீடியோவோட முதல் அரை நிமிஷத்துக்குள்ள வருது, அதுவும் முக்கியம், டைட்டிலை நம்பி வந்தவரை எட்டு நிமிஷம் காக்க வைக்கக்கூடாது.

நீளம் பத்தியும் சொல்லிடுறேன், யூடியூப் டைட்டிலுக்கு 100 எழுத்துதான் அளவு, ஆனா அந்த எண்ணிக்கை நாம எண்ணுற மாதிரி இல்ல. 'கிளி' நமக்கு ரெண்டு எழுத்து, கம்ப்யூட்டருக்கு க, அதோட இகரக் குறி, ள, அதோட இகரக் குறின்னு நாலு. புள்ளியும் தனியா ஒண்ணாத்தான் எண்ணும். மேல இருக்கிற டைட்டில்ல நம்ம கணக்குக்கு 35 தமிழ் எழுத்துதான், ஆனா ஸ்பேஸ், கமா, நம்பர் எல்லாம் சேர்த்து பாக்ஸ்ல 83னு காட்டும். அதனால தமிழ்ல டைட்டில் எழுதும்போது ரெண்டு விஷயத்துக்கு மேல திணிக்க இடம் இருக்காது, மூணாவதா ரிங்டோன் கிளியையும் சேர்க்கப் பாத்தேன், 100 தாண்டிடுச்சு, அது டிஸ்கிரிப்ஷனோட முதல் வரிக்குப் போயிடுச்சு.

பப்ளிஷ் ஆனதும் ஒரு தடவை பப்ளிக்கா பாக்குற பக்கத்துல இருந்து ஒவ்வொரு லிங்க்கையும் தட்டிப் பாருங்க. கொஞ்ச நாள்ல ஏதாவது ஒரு ஒரிஜினல் வீடியோ நீக்கப்பட்டிருந்தா லிங்க்கை எடுத்துட்டு அந்த இடத்துல சேனல் லிங்க்கைப் போடுங்க, பேரை எடுக்காதீங்க. யாராவது வந்து "என் கிளிப்பை எடுத்துடுங்க"ன்னு கேட்டா வீடியோவையே அழிச்சு திரும்ப ஏத்தணும்னு இல்ல, யூடியூப் ஸ்டுடியோல இருக்கிற எடிட்டர்லயே அந்தத் துண்டை மட்டும் வெட்டலாம். ஆனா வெட்டினதோட விட்டுட்டா டிஸ்கிரிப்ஷன் பூரா தப்பாயிடும். நாய்க்கு ஆர்டர் போடுற கிளியோட 9 செகண்ட் போச்சுன்னா ரிங்டோன் கிளி 0:35ல இருந்து 0:26க்கு வந்துடும், 0:56ல இருந்தது 0:47க்கு வரும், கீழ இருக்கிற எல்லாமே 9 செகண்ட் முன்னாடி நகரும், மாத்தாம விட்டா ஒருத்தரோட கிளிக்கு இன்னொருத்தர் பேர் வந்து நிக்கும். ஷீட்ல அந்த ஒரு வரியை எடுத்துட்டு ஃபார்முலாவை மேல இருந்து ஒரு தடவை இழுத்துவிட்டா புது நேரம் எல்லாம் வந்திடும், அதைக் காப்பி பண்ணி ஒட்டுங்க. டைட்டில்லயும் 'நாய்க்கு ஆர்டர் போடும் கிளி' இருக்கே, அதையும் அப்பவே மாத்திடணும், அந்த இடத்துக்கு ரிங்டோன் கிளி வரலாம்.